லுக் புக்: இயக்குநர், கேமராமேன், ஆர்ட் டைரக்டர் மூவரும் ஒரே படத்தைப் பேசுவதற்கு

கேள்வி: முதல் படம் இயக்கப் போகிறேன். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் கதை. பாதி அளத்தில், பாதி வீட்டுக்குள். வீடு சென்னையில் செட். இரண்டாம் பாதியில் பில் கட்டாமல் வீட்டில் கரண்டைப் பிடுங்கிவிடுகிறார்கள். ப்ரீ-புரொடக்‌ஷன் தொடங்க ஒரு மாதம் இருக்கிறது. பின்ட்ரெஸ்டில் 180 படம் சேர்த்து மூட் போர்டு என்று கேமராமேனுக்கும் ஆர்ட் டைரக்டருக்கும் அனுப்பினேன். இரண்டு பேருமே 'சூப்பரா இருக்கு' என்றார்கள். ஆனால் உட்கார்ந்து பேசினால் ஆளுக்கொரு படத்தைப் பற்றிப் பேசுகிறோம். லுக் புக்கை எப்படித்தான் செய்வது?

பதில்:

படங்களுக்குக் கீழே ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பியிருப்பீர்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த 180-இல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீலச் சுவர், ஓரத்தில் ஒரு குண்டு பல்பு, பாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். நீங்கள் அதைச் சேமித்தது அவளுடைய தனிமைக்காக. கேமராமேன் பார்த்தது பல்பு எந்த உயரத்தில் இருக்கிறது, முகத்தில் எந்தப் பக்கம் இருட்டு என்று. ஆர்ட் டைரக்டர் பார்த்தது அந்த நீலத்தையும் பெயர்ந்து நிற்கும் சுண்ணாம்பையும். மூன்று பேரும் 'சூப்பர்' என்றது மூன்று தனித்தனிச் சங்கதிகளுக்கு. ஆர்ட் டைரக்டர் அந்த நீலத்தையே அடித்துவைப்பார். கேமராமேன் அந்தச் சுவருக்கு வெள்ளை டியூப் லைட் போடுவார். நீங்கள் மானிட்டரில் பார்த்துவிட்டு 'இது அந்தப் படம் மாதிரி இல்லையே' என்பீர்கள். அதற்குள் செட்டுக்குச் செலவாகியிருக்கும்.

முதல் வேலை குறைப்பது. 180-ஐ நீங்களே 40-க்குக் கொண்டுவாருங்கள். மற்ற இருவரிடமும் உங்கள் படங்களை மறந்துவிட்டு, ஸ்கிரிப்டை மட்டும் படித்து ஆளுக்கு 15 படம் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் போர்டைப் பார்த்த பிறகு தேடினால் அவர்கள் அதையே திருப்பிக் கொண்டுவருவார்கள். பின்ட்ரெஸ்டும் அப்படித்தான். ஒரு படத்தைச் சேமித்தால் அதே ஜாதியில் இன்னும் 50 காட்டும். 180 படம் சேர்ந்த கதை பெரும்பாலும் அதுதான்.

எல்லாவற்றையும் சாதாரண 4க்கு 6 போட்டோ அளவில் லேபில் பிரிண்ட் போட்டு ஒரு பெரிய மேசையில் பரப்புங்கள். இந்த உட்காரலுக்கு ஒரு முழு மதியம் வேண்டும். காஸ்ட்யூம் டிசைனர் முடிவாகியிருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். சட்டையின் நிறம் சுவரின் நிறத்தோடு சேர்ந்துதான் முடிவாகும் என்பதால் அவர் பிறகு வந்து சேர்வது எல்லாருக்கும் கஷ்டம்.

மேசையில் ஒரே விதி. ஒவ்வொரு பிரிண்டின் பின்புறமும் இரண்டு வரி எழுத வேண்டும். எதற்காக இதை வைத்திருக்கிறோம் என்பது முதல் வரி. இதில் எதை எடுத்துக்கொள்ளவில்லை என்பது இரண்டாவது வரி. நீலச் சுவர்ப் படத்தின் பின்னால் இப்படி வரலாம்: 'எடுப்பது: முகத்தில் பாதி இருட்டு, வெளிச்சம் தோளுக்குக் கீழிருந்து வருவது, ஆளைச் சுற்றி விட்டிருக்கும் வெற்றிடம். எடுக்காதது: நீலம், பல்பின் மஞ்சள்.' இந்த இரண்டாவது வரிதான் பெரும்பாலான லுக் புக்குகளில் இருக்காது. சண்டையெல்லாம் அதில்தான் வரும், வரட்டும். எதற்கு என்று யாராலும் சொல்ல முடியாத படத்தை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. முடிவில் 30 படம் மிஞ்சினால் போதும். அதோடு 'இப்படி இருக்கவே கூடாது' என்று ஒரு ஐந்து படம் தனியாக வையுங்கள். உதாரணமாக, உப்பளத்தை அஸ்தமனப் பொன்னிறத்தில் காட்டும் சுற்றுலாப் போட்டோ. வேண்டாம் என்பதில் மூவரும் ஒத்துப்போவது, வேண்டும் என்பதில் ஒத்துப்போவதைவிடச் சீக்கிரம் நடக்கும். அதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

'மூடியா', 'ரா', 'ரியலிஸ்டிக்' போன்ற வார்த்தைகளைப் பின்புறத்தில் எழுத விடாதீர்கள். கண்ணால் சரிபார்க்கக்கூடிய சங்கதியாக எழுத வேண்டும். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்கிறதா, கரைகிறதா? கூர்மையாக இருந்தால் அது வெயில், அல்லது தூரத்தில் வைத்த சின்ன விளக்கு. கரைந்தால் ஜன்னல் வெளிச்சம் போலப் பெரிய பரப்பிலிருந்து வருகிறது. கண்ணில் தெரியும் வெளிச்சப் புள்ளி வட்டமா, சதுரமா, எந்த உயரத்தில் இருக்கிறது? படத்திலேயே அதிக வெளிச்சமான இடம் முகமா, சுவரா, வெளியே தெரியும் வானமா? இந்த மூன்றையும் பார்க்கப் பழகிவிட்டால் கேமராமேன் பேசும் பாஷை உங்களுக்குப் பாதி வந்துவிடும்.

மிஞ்சிய படங்களை அதற்குப் பிறகு கறுப்பு வெள்ளையாக்கி ஒரே பக்கத்தில் அடுக்குங்கள். போனிலேயே செய்யலாம். கலரில் ஒரே குடும்பமாகத் தெரிந்த போர்டு இங்கே உடையும். எல்லாமே நீலமும் மஞ்சளுமாக இருந்ததால் ஒத்துப்போவதாகத் தோன்றியிருக்கும். கலரை எடுத்ததும் பாதிப் படங்களில் முகம் சுவரைவிட வெளிச்சமாக இருப்பதும், மீதியில் முகம் சுவரைவிட இருட்டாக இருப்பதும் தெரியவரும். அவை இரண்டு வேறு லைட்டிங், இரண்டு வேறு பெயின்ட். உங்கள் படத்தில் எது என்று மூவரும் முடிவு செய்ய வேண்டிய இடம் இது. நிறத்தைவிட இந்த முடிவு முக்கியம் என்பேன். ஷூட்டிங் முடிந்த பிறகு நிறம் திருத்தும் டி.ஐ.-இல் நிறத்தை ஓரளவு திருப்பலாம். முகத்துக்கும் சுவருக்கும் உள்ள வெளிச்ச இடைவெளியை அங்கே போய் மாற்றுவது ஷாட்டுக்கு ஷாட் முகத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கும் வேலை. செலவும் நேரமும் ஏறும், பார்த்தாலும் தெரியும்.

சினிமா ஃபிரேம்களை மட்டும் வைத்து லுக் புக் செய்யாதீர்கள். அவை இன்னொரு கலரிஸ்ட் கை வைத்து முடித்த படங்கள். அந்தச் சுவர் ஷூட்டிங்கில் என்ன நிறத்தில் இருந்தது என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பாதிக்குப் பாதி நீங்களே லொக்கேஷனில் எடுத்த போட்டோவாக இருக்கட்டும். அளத்தையொட்டிய ஊர்களில் நாலைந்து வீட்டுக்குள் போய், அனுமதி கேட்டு, ஃபிளாஷ் போடாமல், காலை, மதியம், டியூப் லைட் போட்ட இரவு என்று மூன்று வேளையில் ஒரே மூலையை எடுங்கள். போனின் கேமரா வெள்ளையைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் என்பதால், ஃபிரேமில் ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு கிரே கார்டையும் வைத்து ஒரு போட்டோ கூடுதலாக எடுத்துவிடுங்கள். அந்த வீட்டு ஆல்பத்தில் இருக்கும் பழைய கலர் போட்டோக்கள் உடைக்கும் பொருளுக்கும் அருமையான ஆதாரம். ஆனால் நிறத்துக்கு அவற்றை நம்பாதீர்கள். பழைய பிரிண்டுகள் வருஷம் போகப்போகச் சிவந்துபோகும். அந்தக் காலத்துச் சுவரெல்லாம் இளஞ்சிவப்பு என்று முடிவு கட்டிவிடுவோம்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். அளத்தையும் வீட்டையும் தனித்தனியாகப் பேச வேண்டும். அளத்தை ஆர்ட் டைரக்டரால் மாற்ற முடியாது. வீடு முழுக்க அவர் கையில் இருக்கிறது. ஆகவே மாற்ற முடியாததை முதலில் புரிந்துகொண்டு, அதற்கேற்ப மாற்றக்கூடியதை அமைப்பதுதான் வரிசை.

அளத்தில் தரையே ஒரு பெரிய ரிஃப்ளெக்டர். உப்பு வாரிக் குவித்த இடத்தில் உச்சிவெயிலில் நின்றால் வெளிச்சம் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். தாடைக்குக் கீழும் கண்குழியிலும் நிழல் இருக்காது. முகம் தட்டையாகத் தெரியும். நீங்கள் சேர்த்த ரெஃபரன்ஸ்களில் கடும் வெயிலில் கண் இருட்டாகி, முகம் செதுக்கியதுபோல் தெரியும் படங்கள் இருந்தால், அவை மண் தரையில் எடுத்தவை. அளத்தில் அது தானாக வராது. வேண்டுமென்றால் ஃபிரேமுக்கு வெளியே தரையில் கறுப்புத் துணி விரிக்க வேண்டும், அல்லது உப்பு வாரி முடித்த, ஈரமண் தெரியும் பாத்தியில் ஆளை நிறுத்திவிட்டு வெள்ளை அம்பாரத்தைத் தூரத்தில் வைக்க வேண்டும். லுக் புக்கில் இதை 'குளோசப் எல்லாம் மண் பாத்தியில், வைட் மட்டும் உப்பில்' என்று ஒரு வரியாக எழுதிவிட்டால், லொக்கேஷன் பார்க்கப் போகும்போது எந்தப் பாத்தியைத் தேட வேண்டும் என்று மேனேஜருக்கே தெரியும்.

அடுத்தது தோலும் உப்பும். வெள்ளை உப்பு மேலே விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும் என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலில் உழைத்துக் கறுத்த தோல் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரே வெயிலில் நின்றாலே எட்டு மடங்கு. வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப், ஆகவே இது மூன்று ஸ்டாப் வித்தியாசம். ஆள் வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் நிழலுக்குப் போய் இன்னும் இரண்டு மூன்று ஸ்டாப் இறங்கும். இன்றைய நல்ல டிஜிட்டல் கேமராக்கள் இதைப் பதிவு செய்துவிடும். ஆனால் திரையில் இரண்டையும் ஒரே நேரத்தில் இயல்பாகக் காட்ட முடியாது. உப்பின் பரல் தெரிய வேண்டுமா, முகம் தெரிய வேண்டுமா என்ற கேள்வி வரும். கேமராமேன் ஷூட்டிங் அன்றைக்குத் தனியாக முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடாதீர்கள். முதல் பாதியில் உப்பு வெறும் வெள்ளையாக எரிந்துபோகட்டும், முகம் தெளிவாக இருக்கட்டும், கடைசி சீனில் மட்டும் உப்பு துல்லியமாகத் தெரிந்து ஆள் நிழலுருவமாகட்டும் என்பது ஒரு கதை முடிவு. அதற்கு இரண்டு ரெஃபரன்ஸ் படம் போதும்.

உடையும் இதிலேயே வந்துவிடுகிறது. கறுத்த முகத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டால் முகம் இன்னும் இருட்டாகத் தெரியும். முகத்தைவிட ஒரு படி அடர்ந்த நிறத்தில் சட்டை இருந்தால் முகம் எழுந்து நிற்கும். அளத்தில் வேலை செய்யும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு தலையில் துண்டு கட்டுவது வழக்கம். அந்தச் சட்டையை அடர்பச்சை, பழுப்பு, மங்கிய கருநீலம் என்று எடுத்துக்கொண்டால் யதார்த்தமும் கெடாது, கேமராமேனுக்கும் உதவி. இன்னொன்று. 'படத்தில் சிவப்பே வேண்டாம், கடைசியில் மகளின் சேலை மட்டும் சிவப்பு' என்று ஒரு விதி வைக்க இயக்குநர்களுக்கு ஆசை வரும். உவர்நீர் நன்றாக இறுகிய பாத்திகளில் நுண்பாசியால் தண்ணீரே இளஞ்சிவப்பாகிவிடுவது உண்டு. அப்படிப்பட்ட பாத்தி உங்கள் லொக்கேஷனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விதி போடுங்கள். இருந்தால் சிவப்பைக் கைவிட்டு வேறு நிறத்துக்குப் போவது நல்லது.

இனி வீடு. நீலச் சுவர் வேண்டும் என்று மூவரும் ஒத்துக்கொண்டதாகவே வைத்துக்கொள்வோம். தெற்கத்திச் சின்ன வீடுகளில் அது சகஜமான நிறம், அளத்தின் வெள்ளையிலிருந்து உள்ளே வரும்போது கண்ணுக்கு இதமும்கூட. எந்த நீலம் என்பதைவிட எவ்வளவு வெளிச்சமான நீலம் என்று கேளுங்கள். பெயின்ட் கம்பெனிகள் பலவும் ஷேடு எண்ணோடு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருகின்றன. அந்தச் சுவர் நூற்றுக்கு எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதுதான் அது. கேமராமேன் மனதில் வைத்திருக்கும் நடுச் சாம்பல் 18. எல்.ஆர்.வி. 36 என்றால் நடுச் சாம்பலுக்கு ஒரு ஸ்டாப் மேலே, 72 என்றால் இரண்டு ஸ்டாப் மேலே. 10 சதவீதத் தோலுக்குப் பின்னால் 72 உள்ள வெளிர்நீலம் வந்தால், ஒரே வெளிச்சத்தில் சுவர் முகத்தைவிடக் கிட்டத்தட்ட மூன்று ஸ்டாப் மேலே நிற்கும். சின்ன அறையில் ஆள் சுவரை ஒட்டித்தான் உட்காருவார், சுவரில் வெளிச்சம் விழாமல் தடுக்க இடமே இருக்காது. கறுப்பு வெள்ளைச் சோதனையில் 'முகமும் சுவரும் ஏறக்குறைய ஒரே அளவு' என்று முடிவு செய்திருந்தால் 10 முதல் 20-க்குள் உள்ள அடர்நீலத்துக்குப் போங்கள். 'சுவர் கொஞ்சம் மேலே' என்றால் 30-ஐ ஒட்டி. ஆர்ட் டைரக்டரும் கேமராமேனும் ஒரே எண்ணை வைத்துப் பேச இதைவிட எளிய வழி கிடையாது. ஒரு எச்சரிக்கை: சுவரைப் பழசாக்க மேலே அடிக்கும் அழுக்குக் கோட்டிங் இந்த எண்ணை இன்னும் இறக்கிவிடும். கோட்டிங் போட்ட பலகையைத்தான், ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் பார்க்க வேண்டும்.

இந்தச் சுவர் உங்கள் கதைக்கு இன்னொரு வேலையும் செய்யும். டியூப் லைட்டின் வெளிச்சம் பெரும்பாலும் 6500 கெல்வினை ஒட்டிய வெள்ளை. அதில் நீலச் சுவர் பளிச்சென்று எழும்பும், தோல் சற்று வெளிறும். கரண்ட் போன பிறகு வரும் மண்ணெண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியும் 2000 கெல்வினுக்கு அருகில், செம்மஞ்சள். அந்த வெளிச்சத்தில் நீலம் ரொம்பவே குறைவு. ஆகவே நீலச் சுவரால் திருப்பி அனுப்ப அதிகம் இருக்காது. சுவர் சாம்பலும் கறுப்புமாகி இறங்கிவிடும், தோல் மட்டும் தங்கும். பெயின்டை மாற்றாமலே முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் வீடு ஆளே மாறிப்போகும். மூன்று பேரும் தனித்தனியாக யோசித்தால் இது கிடைக்காது. ஆர்ட் டைரக்டர் நிறத்தையும் கேமராமேன் விளக்கையும் நீங்கள் கதையையும் ஒரே மேசையில் வைக்கும்போதுதான் அகப்படும். ஆனால் எல்.ஆர்.வி. எண் வெள்ளை வெளிச்சத்துக்கானது. விளக்கு வெளிச்சத்தில் சுவர் எவ்வளவு இறங்கும் என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

செட் என்பதால் இன்னொரு கணக்கும் லுக் புக் கட்டத்திலேயே தெரிய வேண்டும். ரெஃபரன்ஸில் ஜன்னல் வழியாக வெயில் கற்றையாக விழுகிறது என்றால், அந்த ஜன்னலுக்கு வெளியே ஃப்ளோரில் இடம் வேண்டும். விளக்கை ஜன்னலிலிருந்து 6 அடியில் வைத்தால், உள்ளே 6 அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு வருவதற்குள் தூரம் இரட்டிப்பாகி வெளிச்சம் இரண்டு ஸ்டாப் இறங்கிவிடும். ஜன்னல் கம்பியின் நிழலும் விசிறிபோல விரியும். பார்த்ததும் வெயில் இல்லை, விளக்கு என்று தெரிந்துவிடும். அதே விளக்கு 20 அடிக்குப் போனால் அந்த 6 அடியில் இறங்குவது முக்கால் ஸ்டாப்தான். கம்பி நிழல்களும் கிட்டத்தட்ட இணையாக வரும். 20 அடி தள்ளி வைக்கப் பெரிய விளக்கும் வேண்டும், செட்டை ஃப்ளோரின் சுவரோடு ஒட்டிக் கட்டவும் கூடாது. அப்படியொரு படம் போர்டில் இருந்தால் அதன் பின்புறம் 'கிழக்கு ஜன்னல், வெளியே 20 அடி காலி' என்று எழுதுங்கள். ஆர்ட் டைரக்டர் முதல் தரைப்படம் போடும்போதே வீட்டைத் திருப்பி வைப்பார். அதேபோல, ஓட்டுக்கூரை தெரியும் லோ ஆங்கிள் படங்கள் நிறைய இருந்தால் கூரை கட்ட வேண்டும். கூரை வந்தால் மேலிருந்து லைட் கட்ட முடியாது, அல்லது கூரையைப் பகுதி பகுதியாகக் கழற்றும்படி செய்ய வேண்டும். பட்ஜெட்டில் பெரிய வித்தியாசம் இது. சும்மா அழகுக்காக வைத்த படம் என்றால் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் பேசியான பிறகு, ப்ரீ-புரொடக்‌ஷனுக்கு முன்பே ஒரு அரை நாள் சோதனை வையுங்கள். 4 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை மூன்று, மூன்று நீல ஷேடு, ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பழசாக்கும் கோட்டிங். நாயகியின் தோல் நிறத்தை ஒத்த ஒருவர், உத்தேசித்த சட்டைத் துணிகள் நாலைந்து. டியூப் லைட்டில், விளக்கில், ஜன்னல் வெளிச்சத்தில் என்று ஒவ்வொரு பலகை முன்னாலும் அரை நிமிடம் ஷூட் செய்யுங்கள். முடிந்தால் படத்துக்கு எடுக்கப்போகும் அதே கேமரா, இல்லையென்றால் அதே கம்பெனியின் சின்ன மாடல். கடைத்தெருவில் வாங்கிய மலிவான எல்.இ.டி. டியூப்பையும் ஷூட்டிங்குக்கென்று வரும் டியூப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மலிவான டியூப் பலவற்றில் சிவப்பு குறைவு, அதில் கறுத்த தோல் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். டி.ஐ.-இல் அதை மீட்பது கடினம். துணியும் பெயின்டும் வெயிலில் ஒரே நீலமாகத் தெரிந்து, டியூப் லைட்டில் ஒன்று ஊதாவாகவும் ஒன்று பச்சையாகவும் பிரிவதும் நடக்கும். சாயங்கள் வேறு என்பதால் வரும் வினை இது. கடைவாசலில் நின்று துணியைப் பொருத்திப் பார்த்து வாங்குபவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

அந்தச் சோதனையிலிருந்து எடுத்த ஃபிரேம்களைக் கலரிஸ்டோடு ஒருமுறை பார்த்து, ஷூட்டிங் மானிட்டரிலேயே இந்த நிறத்தைக் காட்டும் லட் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். பிறகு லுக் புக்கில் ரெஃபரன்ஸ் படங்களை எடுத்துவிட்டு இந்த ஃபிரேம்களை வைக்கலாம். அடுத்தவர் படத்திலிருந்து உங்கள் படத்துக்கு வந்துவிட்டீர்கள்.

புக்கின் வடிவம் பெரிய விஷயமில்லை. முக்கிய இடம் ஒவ்வொன்றுக்கும் ஏ3 அளவில் ஒரு பக்கம். அளம் பகல், அளம் விடியல், வீடு டியூப் லைட், வீடு விளக்கு, தெரு, முதலாளி ஆபீஸ் என்று உங்களுக்கு ஏழெட்டுப் பக்கம் வரும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று படம், லொக்கேஷன் போட்டோ ஒன்று, ஷேடு எண்ணோடு நாலைந்து நிறத் துண்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி, கேமரா எந்த உயரத்தில் இருக்கும் என்று ஒரு வரி, இந்த இடத்தில் செய்யக் கூடாதது ஒன்று. கடைசியில், ஸ்கிரிப்ட் வரிசையிலேயே சீக்வென்ஸுக்கு ஒரு குட்டிப் படமாக ஒரே நீளப் பட்டையில் ஒட்டிய பக்கம் ஒன்று. இதைச் சுவரில் மாட்டிவிட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள். கரண்ட் போகும் இடம் பட்டையிலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முதல் பாதி இரவுக் காட்சிகள் தேவைக்கு மேல் இருட்டாக இருக்கின்றன. தயாரிப்பாளரிடம் காட்டும் பளபளப்பான பிட்ச் டெக் வேறு, இது வேறு. இரண்டையும் கலக்க வேண்டாம்.

பார்ப்பதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, இருட்டுப் பகுதிகள் திட்டுத் திட்டாகிவிடும். பி.டி.எஃப். ஆக, டிரைவ் லிங்க்காக அனுப்புங்கள். ஐபேடிலும் போனிலும் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் இரண்டையும் அணைக்கச் சொல்லுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு நைட் ஷிஃப்டில் நீலத்தைப் பார்த்துவிட்டு 'பச்சையா இருக்கே' என்று ஆர்ட் டைரக்டருக்குப் போன் போடுவது வழக்கமான கூத்து. காகிதத்தில் மேட் ஃபினிஷ் பிரிண்ட் நல்லது. ஆனால் காகிதம் ஸ்கிரீன் போல ஒளிராது என்பதால் விளக்குக் காட்சிகள் அதில் அடைத்துப்போன மாதிரி தெரியும். நிறத்தை உறுதி செய்ய எப்போதுமே பெயின்ட் அடித்த துண்டும் துணித் துண்டும்தான். அவற்றை ஒரு அட்டையில் ஒட்டி, ஒன்று உங்களிடம், ஒன்று கேமராமேனிடம், ஒன்று ஆர்ட் டைரக்டரிடம் இருக்கட்டும்.

ஷெட்யூலையும் அளத்தின் பக்கத்தில் எழுதிவைத்துவிடுங்கள். தூத்துக்குடியில் உப்பு வாரும் காலம் ஏறக்குறைய பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகளில் தண்ணீர் நிற்கும், அம்பாரங்களை மூடிவைப்பார்கள். நடிகரின் கால்ஷீட் தள்ளிப்போய் நவம்பரில் வந்து நின்றால், நீங்கள் மேசையில் முடிவு செய்த வெள்ளை அங்கே இருக்காது. சாம்பல் வானமும் அதைக் காட்டும் தண்ணீரும்தான் இருக்கும். அதுவும் நல்ல படமாகலாம், ஆனால் அப்போது சட்டை நிறத்திலிருந்து திரும்பப் பேச வேண்டும். 'வெள்ளை உப்பு: செப்டம்பருக்குள்' என்று அந்தப் பக்கத்தின் தலையில் இருந்தால், தேதி தள்ளும்போது மேனேஜர் உங்களிடம் கேட்டுவிட்டுத் தள்ளுவார்.

மாற்றங்கள் வரத்தான் செய்யும். புக்கின் கோப்பை ஒருவர் மட்டும் திருத்தட்டும், பெரும்பாலும் உங்கள் அசோசியேட். ஒவ்வொரு முறையும் பெயரில் எண்ணும் தேதியும் ஏறட்டும், பழையதை எல்லார் போனிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். பட்ஜெட் வெட்டு வரும்போது எதைத் தொடக்கூடாது என்று மூவரும் மூன்று விஷயத்தை மட்டும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். உங்கள் படத்துக்கு என்றால் நான் குறிப்பது சுவரின் எல்.ஆர்.வி., ஜன்னலுக்கு வெளியே 20 அடி, குளோசப்புக்கு மண் பாத்தி. இந்த மூன்றும் இருந்தால், ஓட்டுக்கூரையை விட்டுக்கொடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.